‘12-ஆயச’ என்றொரு புல எண்

ஒரு கண்மாய்ப் பாசனத்துக்கு உட்பட்ட நிலங்களின் பட்டியல். புல எண், பட்டாதாரர் பெயர், ஊர், பரப்பு என்று நான்கு பத்திகள். பெயரும் ஊரும் சுத்தமான தமிழில் இருக்கின்றன. ஆனால் புல எண் பத்தியில் ஓர் இடத்தில் ‘112ஃ2யு’ என்று இருக்கிறது. சற்றுக் கீழே ‘12-ஆயச’. இன்னும் கீழே ‘05-குநடி’. எந்தத் தாலுகா அலுவலகத்திலும் இப்படிப் புல எண் கொடுப்பதில்லை. அப்படியானால் இவை எங்கிருந்து வந்தன?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியுமா முடியாதா என்பது, பட்டியலைத் தயாரித்தவர் தன் கோப்புகளுக்கு என்ன பெயர் வைத்தார் என்பதைப் பொறுத்தது. ஒரே கோப்பைத் திறந்து, மாற்றி, அதே பெயரில் சேமித்துக்கொண்டே வந்திருந்தால் பதில் கிடைக்காது. ஒவ்வொரு கட்டத்தையும் தனிப் பெயரில் வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். இது எடுத்துக்காட்டுக்காக நான் உருவாக்கிய பட்டியல்தான். ஆனால் இதில் வரும் கோளாறுகள் எல்லாம் பழைய தமிழ்ப் பட்டியல்களைக் கையாளுகிறவர்கள் அடிக்கடி பார்ப்பவை.

முதலில் இந்தப் பட்டியல் நடந்து வந்த பாதை. கிராமப் பதிவேட்டைப் பார்த்து, பல வருடங்களுக்கு முன் ஒருவர் எக்செலில் தட்டச்சு செய்திருக்கிறார். எழுத்துரு பாமினி. அதுதான் அசல், அதாவது ‘ரா’ கோப்பு. அதை வேறு மென்பொருள்கள் படிக்கும்படி வெறும் எழுத்துக் கோப்பாக, சிஎஸ்வியாக மாற்ற வேண்டும். பிறகு பாமினியிலிருந்து யூனிகோடுக்கு. பிறகு சுத்தம் செய்ய வேண்டும்: ஒரே ஊர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தால் ஒன்றாக்குவது, பரப்பைக் கூட்டிக் கழிக்கக்கூடிய எண்ணாக்குவது. கடைசியாக, பாசன விவசாயிகள் சங்கத்துக்கு அச்சிட்டுக் கொடுக்கும் பிரதி. ஆக ஐந்து நிலைகள். அவற்றுக்கு நான் வைக்கும் பெயர்கள் இவை:

```
ayacut_0-raw_2024-03-11.xls
ayacut_1-text_v1.csv
ayacut_2-unicode_v1.csv
ayacut_3-clean_v1.csv
ayacut_4-final_v1.xlsx
```

இந்தப் பெயர்களில் இரண்டு எண்கள் இருப்பதைக் கவனியுங்கள். நடுவில் இருப்பது நிலை எண், கடைசியில் இருப்பது பதிப்பு எண். நிலை எண், இந்தப் பட்டியலுக்கு என்னென்ன வேலை முடிந்திருக்கிறது என்று சொல்கிறது. பதிப்பு எண், அந்த வேலையை எத்தனையாவது முறையாகச் செய்தோம் என்று சொல்கிறது. இரண்டும் வெவ்வேறு செய்திகள். நம் கணினிகளில் உலவும் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் கரெக்டட் லேட்டஸ்ட்’ வகைப் பெயர்களின் கோளாறு, அவை நீளமாக இருப்பதோ அசிங்கமாக இருப்பதோ அல்ல. இந்த இரண்டு செய்திகளையும் ஒரே சொல்லில் திணிக்கப் பார்ப்பதுதான். ‘ஃபைனல்’ என்பது ஒரு நிலையின் பெயராக இருக்கும்வரை அதில் தவறே இல்லை. அச்சுக்குப் போகும் வடிவம் என்று பொருள், அவ்வளவுதான். அதற்கு v1, v2, v7 எல்லாம் வரலாம். ‘இனி மாறாது’ என்ற வாக்குறுதியாக அதை எடுத்துக்கொள்ளும்போதுதான் பக்கத்தில் இன்னொரு ‘ஃபைனல்’ முளைக்கிறது.

அசலுக்கு மட்டும் பதிப்பு எண் போடாமல் தேதி போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. அசல் நாம் தயாரித்தது அல்ல, நம் கைக்கு வந்து சேர்ந்தது. அது என்றைக்கு வந்தது என்பதுதான் அதைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம். தட்டச்சு செய்தவர் மே மாதம் திருத்திய கோப்பு ஒன்றை அனுப்பினால் அது இன்னொரு தேதியோடு இன்னோர் அசலாக உட்காரும், பழையதை அழிக்காது. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவதால், கோப்புகளைப் பெயர்வாரியாக அடுக்கும்போது அவை காலவரிசையிலும் தானாக அடுங்கிவிடும். 11-03-2024 என்று நம் வழக்கப்படி எழுதினால் மார்ச் 11-க்குப் பக்கத்தில் ஏப்ரல் 11 வந்து நிற்கும்.

அசலைத் தொடக்கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். தொடவில்லை என்று பிறகு எப்படி நிரூபிப்பது? கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு கைரேகை எண்ணைக் கணக்கிட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதைத் தட்டினால் போதும்:

```
certutil -hashfile ayacut_0-raw_2024-03-11.xls SHA256
```

அறுபத்து நான்கு எழுத்து நீளத்துக்கு ஒரு குறியீடு வரும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் இந்தக் குறியீடு முற்றிலும் வேறாகிவிடும். எக்செல் கோப்பை வெறுமனே திறந்து, எதையும் மாற்றாமல் ‘சேவ்’ அழுத்தினால்கூடப் பெரும்பாலும் மாறிவிடும், ஏனென்றால் கடைசியாகச் சேமித்த நேரம் போன்ற விவரங்களையும் அது உள்ளே எழுதுகிறது. அதனால்தான் அசலைப் படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பாக மாற்றிவிட்டு, பார்க்க வேண்டுமானால் ஒரு நகலைப் பார்ப்பது நல்லது.

இனி ‘12-ஆயச’வுக்கு வருவோம். கடைசி நிலையில் கண்ணில் பட்ட பிழையை ஒவ்வொரு நிலையாகப் பின்னோக்கிப் போய்த் தேடுகிறோம். 3-clean கோப்பில் அந்த வரியைப் பார்த்தால் ‘12-ஆயச’. 2-unicode கோப்பிலும் ‘12-ஆயச’. 1-text கோப்பைத் திறந்தால் அந்த இடத்தில் ‘12-Mar’. அசலில் ‘12/3’.

கதை இதுதான். அசலைத் தட்டச்சு செய்தவர் விவரமானவர். புல எண் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று வடிவமைத்துவிட்டுத்தான் எண்களை அடித்திருக்கிறார். அதனால் 12/3 என்பது 12/3 ஆகவே இருந்தது. சிஎஸ்வியாகச் சேமித்தபோதும் சரியாகவே வந்தது. ஆனால் சிஎஸ்வி கோப்பில் எழுத்துகள் மட்டும்தான் இருக்கும், எந்தப் பத்தி எந்த வடிவம் என்ற குறிப்பு இருக்காது. யாரோ ஒருவர் ‘சரியாக வந்திருக்கிறதா பார்ப்போம்’ என்று அந்தச் சிஎஸ்வியின் மேல் இரட்டைச் சொடுக்குப் போட்டார். எக்செல் அதைத் திறந்தது. 12/3 என்பதைப் பார்த்ததும், இது தேதிதான் என்று தானே முடிவு செய்து மார்ச் 12 ஆக்கிவிட்டது. மூடும்போது ‘சேமிக்கவா?’ என்று கேட்டது. ‘ஆம்’ என்று அழுத்தினார். அந்தக் கணத்தில் கோப்பில் 12/3 போய் 12-Mar உட்கார்ந்தது. 5/2 என்பது 05-Feb ஆனது. 112/2A தேதி போலத் தோன்றாததால் தப்பியது. இப்படிச் சில எண்கள் மட்டும் மாறி, பெரும்பாலானவை அப்படியே இருப்பதால்தான் இந்தக் கோளாறு கண்ணுக்குச் சட்டென்று தெரிவதில்லை.

அடுத்து யூனிகோடு மாற்றம். பாமினி எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் உருவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. jkpo; என்று அடித்தால் திரையில் ‘தமிழ்’ என்று தெரியும். மாற்றி மென்பொருள் j வந்தால் த, k வந்தால் ம என்று எழுத்துக்கு எழுத்து மாற்றிக்கொண்டே போகும். அதற்கு முன்னால் இருப்பது பாமினித் தமிழா, உண்மையான ஆங்கிலமா என்று அதற்குத் தெரியாது. பாமினியில் M என்பது ஆ, a என்பது ய, r என்பது ச. ஆகவே 12-Mar என்பது 12-ஆயச ஆனது. 05-Feb அதே வழியில் 05-குநடி ஆனது. எழுத்துகள் மட்டுமல்ல, குறிகளும் தப்புவதில்லை. சாய்கோடு ‘ஃ’ ஆகும், காற்புள்ளி ‘இ’ ஆகும், A என்பது ‘யு’ ஆகும். 112/2A என்பது 112ஃ2யு ஆனது அப்படித்தான். இலங்கைத் தமிழ்ப் பக்கங்களில் ‘யா/’ என்று யாழ்ப்பாண மாவட்டத்தைக் குறித்துத் தொடங்கும் பள்ளிக்கூடப் பெயர்கள் ‘யாஃ’ என்று அச்சாகியிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே வழியாக வந்ததுதான். ஆயிரத்து இருநூறு ‘1இ200’ என்று நிற்பதும் அப்படியே.

பிழை இருந்தது ஒன்றல்ல, இரண்டு. முதலாவது நிலை ஒன்றில் பிறந்தது, இரண்டாவது நிலை இரண்டில் பிறந்து முதலாவதை மூடி மறைத்தது. நடுக் கோப்புகள் இல்லாமல் ‘12-ஆயச’ மட்டும் நம் கையில் இருந்திருந்தால், அதைப் பார்த்து 12/3 என்று ஊகிக்க மிகுந்த கற்பனை வேண்டும்.

இப்போது இதை எங்கே திருத்துவது? கைக்கு எளிதான வழி, கடைசிக் கோப்பில் ‘ஃ’ வரும் இடமெல்லாம் சாய்கோடு, ‘யு’ வரும் இடமெல்லாம் A என்று மாற்றிவிட்டு, ‘12-ஆயச’வைக் கையால் திருத்திவிடுவது. பெரும்பாலோர் இதைத்தான் செய்வார்கள். நான் இதை ஏற்க மாட்டேன். ஒரு காரணம், ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று அழுத்தும்போது அந்தப் பத்தியோடு நிற்காமல் ‘யுவராணி’ என்ற பட்டாதாரர் ‘Aவராணி’ ஆகிவிடலாம். அதைவிட முக்கியமான காரணம், பிழை பிறந்த இடம் அப்படியே இருக்கிறது. நாளைக்குத் திருத்திய அசல் வந்து மறுபடியும் எல்லா நிலைகளையும் ஓட்டினால் அதே பிழை அதே இடத்தில் மறுபடி முளைக்கும், கையால் செய்த திருத்தமோ பழைய கோப்போடு போயிருக்கும்.

பிழை எந்த நிலையில் பிறந்ததோ அங்கேயே திருத்தி, அங்கிருந்து கீழே எல்லாவற்றையும் புதிதாக எடுக்க வேண்டும். அசலிலிருந்து சிஎஸ்வியை மறுபடி எடுக்கிறோம், இம்முறை எக்செலில் திறக்காமல். பார்த்தே ஆகவேண்டுமென்றால் நோட்பேடில் பார்க்கலாம். அல்லது எக்செலின் `Data > From Text/CSV` வழியாக உள்ளே கொண்டுவந்து புல எண் பத்தியை `Text` என்று குறிப்பிடலாம். இது 1-text_v2. அடுத்து, பெயர், ஊர் என்ற இரண்டு பத்திகளை மட்டும் மாற்றியில் கொடுத்து, புல எண்ணையும் பரப்பையும் அப்படியே விட்டுவிடுகிறோம். இது 2-unicode_v2. இனி ‘ஃ’ஐத் திருத்தும் வேலையே இல்லை, ஏனென்றால் அது பிறக்கவே இல்லை.

மூன்றாம் நிலையில் என்ன சுத்தம் செய்கிறோம் என்று பார்ப்போம். ‘கொன்றையூர்’ என்று ஓர் ஊர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர்வாரியாகத் தொகை எடுத்தால் கொன்றையூர் இரண்டு முறை வருகிறது. இரண்டையும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. பாமினியில் ‘கொ’ எழுத மூன்று விசைகள், n, f, h: கொம்பு, க, கால். சில மாற்றிகள் அதை யூனிகோடில் ஒகரத்துக்கென்று உள்ள ஒரே குறியாக மாற்றுகின்றன. சில மாற்றிகள் எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவே விட்டுவிடுகின்றன. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். பட்டியலின் பாதியை ஒருவர் ஒரு மாற்றியிலும் மீதியை இன்னொருவர் வேறொன்றிலும் மாற்றியிருந்தால் இப்படி ஆகும். யூனிகோடில் இதற்கென்றே எழுத்துகளை ஒரே சீராக்கும் முறை இருக்கிறது, `NFC` என்று பெயர். சுத்தம் செய்யும் நிலையில் முதல் வேலையாக அதை ஓட்டிவிட்டால் இரண்டு கொன்றையூரும் ஒன்றாகிவிடும்.

அடுத்தது பரப்பு. தமிழ்நாட்டின் நில ஆவணங்களில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று எழுதப்படும். 0-41.50 என்றால் பூஜ்ஜியம் ஹெக்டேர், நாற்பத்தொன்றரை ஏர். நூறு ஏர் ஒரு ஹெக்டேர். ஆக 0.4150 ஹெக்டேர், ஏறக்குறைய ஒரு ஏக்கர் இரண்டரை சென்ட். இதைக் கூட்டுவதற்கு வசதியாக எண்ணாக மாற்ற வேண்டும். சுத்தம் செய்தவர் பார்த்தார், சுலபமான விதி ஒன்று தோன்றியது. புள்ளியை எடுத்துவிட்டு, சிறுகோட்டின் இடத்தில் புள்ளியை வைத்தால் முடிந்தது. 0-41.50 என்பது 0.4150 ஆகிறது. சரிதான். நாலைந்து வரிகளைச் சோதித்தார், எல்லாமே சரி. 3-clean_v2 தயார், அதிலிருந்து 4-final_v1 அச்சாகி ஏப்ரல் 2 அன்று சங்கத்துக்குப் போனது.

அந்த விதி ஏர் இரண்டு இலக்கமாக இருக்கும் வரைதான் செல்லும். 0-4.50 என்று ஒரு துண்டு நிலம் இருந்தால்? நாலரை ஏர், அதாவது 0.0450 ஹெக்டேர், சுமார் பதினொரு சென்ட். விதிப்படி அது 0.450 ஆகிவிட்டது. பதினொரு சென்ட் நிலம் ஒரு ஏக்கர் பதினொரு சென்ட்டாக வளர்ந்துவிட்டது. தண்ணீர்ப் பங்கும் பராமரிப்புக் கட்டணமும் பரப்பை வைத்துத்தான் என்றால் சங்கத்தில் சத்தம் கேட்கும்.

இதைக் கண்டுபிடிக்க யாராவது வந்து சண்டை போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நிலையிலும் இரண்டே எண்களை எழுதி வைத்தால் போதும்: எத்தனை வரிகள், பரப்பின் மொத்தக் கூட்டுத்தொகை எவ்வளவு. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் கையால் போட்ட கூட்டுத்தொகை 168-20.50, அதாவது 168.2050 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். நம் பட்டியலின் கூட்டுத்தொகை 169.8925 வருகிறது. வரிகளின் எண்ணிக்கை சரியாக இருக்கிறது, பரப்பு மட்டும் 1.6875 ஹெக்டேர் கூடுதல். பழைய கணக்குப்பிள்ளைகள் இப்படி ஒரு வித்தியாசம் வந்தால் முதலில் அதை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார்கள். ஓர் எண் பத்து மடங்காகப் பதிவாகிவிட்டால் கூடுதலாக வருவது அதன் ஒன்பது மடங்கு. அதனால் வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கோ புள்ளி நகர்ந்திருக்கிறது, அல்லது இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். 1.6875-ஐ ஒன்பதால் வகுத்தால் 0.1875 வருகிறது. பட்டியலில் ஏர் ஒற்றை இலக்கமாக உள்ள நிலங்களைத் தேடினால் மூன்று கிடைக்கின்றன: 0-4.50, 0-8.00, 0-6.25. மூன்றையும் கூட்டினால் பதினெட்டே முக்கால் ஏர், அதாவது 0.1875 ஹெக்டேர். கணக்கு முடிந்தது.

திருத்தம் எங்கே? மூன்றாம் நிலையின் விதியில். சிறுகோட்டுக்கு இடப்புறம் உள்ளதை ஹெக்டேராகவும், வலப்புறம் உள்ளதை நூறால் வகுத்தும் கூட்ட வேண்டும். புள்ளியை நகர்த்தும் வித்தையெல்லாம் வேண்டாம். அதற்கு மேலே உள்ள நிலைகளில் எதையும் தொடத் தேவையில்லை. ஆகவே 2-unicode_v2 அப்படியே இருக்க, அதிலிருந்து 3-clean_v3 பிறக்கிறது, அதிலிருந்து 4-final_v2.

இங்கே ஒரு சிக்கல் தெரியும். v2-லிருந்து v3, v3-லிருந்து மறுபடி v2. பதிப்பு எண்கள் நிலைக்கு நிலை ஒத்துப் போகவில்லை. எல்லா நிலைகளுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். போடலாம், சிலர் போடுகிறார்கள். ஆனால் அப்போது மாறாத கோப்புக்கும் புது எண் கொடுத்து, ஒரே உள்ளடக்கத்துக்கு இரண்டு பெயர் வைத்தவர்களாவோம். அதைவிட, எது எதிலிருந்து வந்தது என்று ஒரு சிறு குறிப்புக் கோப்பில் எழுதி அதே கோப்புறையில் வைப்பது நேர்மையானது:

```
1-text_v2     <- 0-raw_2024-03-11  எக்செலில் திறக்கவில்லை
2-unicode_v2  <- 1-text_v2         பெயர், ஊர் மட்டும்
3-clean_v2    <- 2-unicode_v2      NFC; ஹெக்டேராக்கியது
4-final_v1    <- 3-clean_v2        கொடுத்தது 2024-04-02
3-clean_v3    <- 2-unicode_v2      ஒற்றை இலக்க ஏர் திருத்தம்
4-final_v2    <- 3-clean_v3        கொடுத்தது 2024-04-09
```

இந்த ஆறு வரிகளில் பட்டியலின் வம்சாவளி முழுதும் இருக்கிறது. சங்கத்துச் செயலாளர் கையில் இருக்கும் காகிதத்தில் அடியில் ‘4-final_v1’ என்று அச்சாகியிருந்தால், அது புள்ளி பிசகிய பிரதி என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். அதனால் கோப்பின் பெயரை அச்சுப் பக்கத்தின் அடியிலும் போடுவது நல்லது. எக்செலில் அடிக்குறிப்பில் கோப்புப் பெயரைத் தானாக வரவைக்கும் வசதி உண்டு. காகிதத்துக்கு ‘ப்ராப்பர்டீஸ்’ கிடையாது அல்லவா. இன்னொன்று, கைக்கு வெளியே போன பிரதியின் பெயரை மறுபடி பயன்படுத்தவே கூடாது. திருத்திவிட்டு அதே final_v1 பெயரில் சேமித்தால், ஒரே பெயரில் இரண்டு பரப்புகள் ஊரில் உலவும்.

வரிகளை எண்ணி வைப்பது வீண் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்லலாம். கொரோனாப் பரிசோதனைக் கூடங்கள் முடிவுகளைச் சிஎஸ்வி கோப்பாக அனுப்பின. பொதுச் சுகாதார அமைப்பு அவற்றைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்துக்கு ஏற்றி அடுத்த கட்டத்துக்கு அனுப்பியது. அந்த வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிகளுக்கு மேல் நிற்காது. மீதி வரிகள் விழுந்துவிட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 பேரின் முடிவுகள் அன்றன்றைய கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடிச் சொல்லும் வேலையும் அத்தனை நாள் தாமதமானது. உள்ளே போன வரிகள், வெளியே வந்த வரிகள் என்ற இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இதையே பெரிய அளவில் ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். உலகெங்கும் உள்ள வானிலை நிலையங்களின் மாதாந்திர வெப்பநிலையைத் தொகுத்து, அமெரிக்காவின் நோவா அமைப்பு ஜிஎச்சிஎன் என்ற பட்டியலை வெளியிடுகிறது. அதன் கோப்புப் பெயர் இப்படி இருக்கும்:

```
ghcnm.tavg.v4.0.1.YYYYMMDD.qcu.dat
ghcnm.tavg.v4.0.1.YYYYMMDD.qcf.dat
```

tavg என்றால் சராசரி வெப்பநிலை. v4.0.1 என்பது அதைத் தயாரிக்கும் முறையின் பதிப்பு. YYYYMMDD இருக்கும் இடத்தில் அன்றைய தேதி வரும். கடைசியில் வருவதுதான் நிலை. qcu கோப்பில் தரச் சோதனை முடிந்திருக்கும், ஆனால் எண்களில் கை வைத்திருக்க மாட்டார்கள். ஒரு நிலையம் இடம் மாறினாலோ, வெப்பமானியை மாற்றினாலோ பதிவுகளில் திடீரென்று ஒரு படி விழும். சுற்றிலும் உள்ள நிலையங்களோடு ஒப்பிட்டு அந்தப் படியைச் சரிசெய்தது qcf கோப்பு. இரண்டையும் சேர்த்தே வெளியிடுகிறார்கள். ‘எண்களை மாற்றிவிட்டார்கள்’ என்ற குற்றச்சாட்டு இந்தத் துறையில் அவ்வப்போது எழும். எழுப்புகிறவரும் பதில் சொல்கிறவரும் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்து, எந்த நிலையத்தில், எந்த ஆண்டிலிருந்து, எவ்வளவு மாறியது என்று வரிவரியாகப் பார்க்க முடிகிறது.

அந்தக் கோப்புக்குள் எட்டிப் பார்த்தால் இன்னொரு நல்ல பழக்கமும் தெரியும். ஒவ்வொரு மாத மதிப்பையும் ஒட்டி மூன்று சிறு குறிகளுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஒரு மதிப்பு தரச் சோதனையில் தேறவில்லை என்றால் qcu கோப்பில் அதை அழித்துவிடுவதில்லை. எண் அப்படியே நிற்க, பக்கத்தில் எந்தச் சோதனையில் தவறியது என்று ஓர் எழுத்து விழுகிறது. மதிப்பே இல்லாத இடத்தில் -9999. நம் பாசனப் பட்டியலுக்கும் இது பொருந்தும். பதிவேட்டில் வாசிக்கவே முடியாத ஒரு பரப்பு இருந்தால், சுத்தம் செய்யும் நிலையில் அதை ஊகித்து நிரப்புவதைவிட, ‘குறிப்பு’ என்று ஐந்தாவது பத்தி ஒன்று சேர்த்து ‘தெளிவில்லை’ என்று எழுதுவது மேல். பூஜ்ஜியம் மட்டும் போடக்கூடாது. கூட்டுத்தொகையில் அது உண்மையான பூஜ்ஜியமாகவே நடந்துகொள்ளும்.

இத்தனை கைவேலை எதற்கு, கூகுள் ஷீட்ஸில் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ இருக்கிறதே என்று கேட்கலாம். நல்ல வசதிதான். ஒரே கோப்பு நேற்று எப்படி இருந்தது என்று அது காட்டும். ஆனால் அதற்குப் பதிப்பு தெரியும், நிலை தெரியாது. சுத்தம் செய்வதற்கு முந்தைய வடிவம் எது, பிந்தையது எது என்று நூற்றுக்கணக்கான சேமிப்புகளுக்கு நடுவில் நாம்தான் தேட வேண்டும். மென்பொருள் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் கிட் இதைவிட நன்றாகச் செய்யும். சிஎஸ்வி கோப்பில் எந்த வரி மாறியது என்பதை அது துல்லியமாகக் காட்டும். எக்செல் கோப்பைக் கொடுத்தால் ‘மாறியிருக்கிறது’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தெரியாது. நடு நிலைகளைச் சிஎஸ்வியாக வைத்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

கடைசியில் எல்லாருக்கும் வரும் கேள்வி, இத்தனை கோப்புகளையும் காலத்துக்கும் வைத்திருக்க வேண்டுமா? வேண்டாம். அசல்களை அழிக்கவே கூடாது. யாரிடமாவது கொடுத்துவிட்ட final பிரதிகளையும் அழிக்கக் கூடாது, தவறானதாக இருந்தாலும், ஏனென்றால் அது இன்னும் யாருடைய மேசையிலோ இருக்கிறது. குறிப்புக் கோப்பு ஒரு பக்கம்கூட வராது, அதை அழிக்கக் காரணமே இல்லை. நடுவில் உள்ள text, unicode, clean பதிப்புகளை, வேலை முடிந்து கூட்டுத்தொகை ஒத்துப்போன பிறகு, கடைசிப் பதிப்பைத் தவிர மற்றவற்றை அழித்துவிடலாம். அவற்றை அசலிலிருந்து மறுபடி எடுக்க முடியும். ஒரே நிபந்தனை, ஒவ்வொரு நிலையிலும் செய்ததெல்லாம் குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் கையால் ஒரே ஓர் எண்ணைத் திருத்தியிருந்தாலும் அந்தப் பதிப்பை அழிக்க முடியாது, அந்தத் திருத்தம் இருக்கும் ஒரே இடம் அதுதான்.